அந்தப் பக்கம் இருப்பது எந்தப் போன்? நீண்ட சாட்டில் ஊகத்தைத் திருத்திக்கொண்டே போகும் முறை

ஹட்டனில் இருந்துகொண்டு, தோட்டத்தில் இருக்கும் ஒருவரின் போனை வட்ஸ்அப் மெசேஜ் வழியாகவே சரிசெய்து கொடுப்பவர்களுக்காக இது. போனைப் பார்க்க முடியாது. சிக்னல் விட்டு விட்டு வருவதால் கோலிலும் பேச முடியாது. கேட்பவருக்குத் தன் போனின் மொடல் தெரிந்திருக்காது. ஆகவே அது அண்ட்ராய்டா ஐபோனா என்று ஊகித்துத்தான் தொடங்குகிறோம். முப்பது நாற்பது மெசேஜ் போன பிறகும் அந்த முதல் ஊகத்தையே பிடித்துக்கொண்டிருந்தால், இல்லாத பட்டனைத் தேடச் சொல்லி அவரை அலைக்கழிப்போம்.

முதல் படி: ஊகத்தை எழுதி வையுங்கள்

ஒரு தாளில் இரண்டு வரி போதும். முதல் வரி, மெசேஜ் எழுதப்படும் கருவி. இரண்டாம் வரி, பிரச்சினை உள்ள கருவி. இரண்டும் ஒன்றாகத்தான் இருக்கும் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். மகளின் போனில் இருந்து அம்மாவின் போனுக்கு உதவி கேட்பது நம்மூரில் வழக்கம். எழுதுபவர் கம்ப்யூட்டரில் வட்ஸ்அப் வெப் திறந்து வைத்திருக்கலாம். ஒவ்வொரு ஊகத்தின் பக்கத்திலும் அதற்கான காரணத்தைக் குறியுங்கள். "அண்ட்ராய்ட், ஏனென்றால் பெரும்பாலானவர்கள் அதைத்தான் வைத்திருக்கிறார்கள்" என்பதும் காரணம்தான், ஆனால் பலவீனமானது. நோட்ஸ் ஆப்பை விடத் தாளே வசதி. சாட்டை மூடித் திறக்க வேண்டியதில்லை.

இரண்டாம் படி: புதிய துப்பு வரும்போது அதன் எடையைப் பாருங்கள்

அதிகம் சறுக்குவது இங்கேதான், ஆகவே ஓர் உதாரணத்தை முழுதாகப் பார்ப்போம். தலவாக்கலைப் பக்கத்து டீச்சர் ஒருவர் கேட்கிறார் என்று வையுங்கள்.

"தம்பி, போன்ல தமிழ் கீபோட் வரமாட்டேங்குது."

தாளில் அண்ட்ராய்ட் என்று எழுதுகிறீர்கள். Play Store-இல் Gboard இருக்கிறதா பார்க்கச் சொல்கிறீர்கள். பதில் வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து:

"கீழ உலக உருண்டை மாதிரி ஒண்ணு இருக்கு."

இது துப்பு மாதிரித் தெரியும், ஆனால் எதையும் பிரித்துக் காட்டாது. ஒன்றுக்கு மேற்பட்ட மொழி போட்டிருந்தால் ஐபோன் கீபோட்டிலும் உருண்டை வரும், Gboard-இலும் வரும். ஊகம் அப்படியே இருக்கட்டும். சிங்களமும் ஆங்கிலமும் ஏற்கெனவே இருக்கலாம் என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

"Settings-ல General இருக்கு தம்பி, அதுக்குள்ள போகவா?"

இந்த இடத்தில் நில்லுங்கள். ஐபோனில் இருப்பது `General`. சாம்சங்கில் இருப்பது `General management`. நீண்ட பெயரைச் சுருக்கி எழுதுவது எல்லோருக்கும் பழக்கம். "ஓ, ஐபோன்" என்று தாவுவதும் தவறு, "சாம்சங்காகத்தான் இருக்கும்" என்று பழைய ஊகத்துக்கு வளைத்துக்கொள்வதும் தவறு. "டீச்சர், அந்த வரியில இருக்குறத அப்படியே முழுசா எழுதுங்க" என்று கேளுங்கள். "General மட்டுந்தான்" என்று வந்தால், ஐபோன் பக்கம் பலமாகச் சாய்ந்துவிட்டது.

உறுதி செய்ய, எதையும் கெடுக்காத ஒரு சோதனை இருக்கிறது. எழுதும் இடத்தில் ஸ்பேஸ் பட்டனை அழுத்திப் பிடிக்கச் சொல்லுங்கள். ஐபோன் என்றால் கீபோட்டின் எழுத்துகள் மறைந்துவிடும், விரலை நகர்த்தினால் கர்சர் கூடவே நகரும். பல மொழி போட்ட Gboard என்றால் மொழிகளைத் தேர்ந்தெடுக்கும் பட்டியல் வரும். "என்ன போன்?" என்று கேட்பதை விட இப்படி "இதைச் செய்தால் என்ன வருது?" என்று கேட்பதே எனக்குப் பிடித்த வழி. பின்கவர் போட்ட போனின் பெயரைச் சிலர் தப்பாகவே சொல்வார்கள்.

சில துப்புகள் ஒரு பக்கம் மட்டுமே வெட்டும் என்பதையும் மனதில் வையுங்கள். லைட்னிங் சார்ஜர் என்றால் அது ஐபோன். ஆனால் டைப்-சி என்றால் அண்ட்ராய்ட் என்று முடிவு செய்ய முடியாது, 2023-இல் வந்த ஐபோன் 15 முதல் அதிலும் டைப்-சிதான். வட்ஸ்அப்பில் சாட், கோல் பட்டன்கள் திரையின் அடியில் இருந்தால் ஐபோன் என்ற பழைய அடையாளமும் செல்லாது. அண்ட்ராய்டிலும் அவை அடிக்கு வந்துவிட்டன.

மூன்றாம் படி: ஊகம் மாறியதும் பின்னோக்கிப் போங்கள்

தாளில் ஐபோன் என்று திருத்தியதும் அடுத்த கட்டளையை அனுப்பத் தோன்றும். அதற்கு முன், அண்ட்ராய்ட் என்று நினைத்து அனுப்பியவை எவை என்று மேலே போய்ப் பாருங்கள். Play Store, Gboard பற்றிய மெசேஜ் அங்கேயே கிடக்கிறது. சிக்னல் வந்ததும் டீச்சர் அதையும் வாசித்துத் தேடத் தொடங்குவார். பதினைந்து நிமிடத்துக்குள் என்றால் எடிட் செய்யலாம். அது தாண்டியிருந்தால் எல்லோருக்கும் அழிக்கும் வசதியைப் பயன்படுத்துங்கள், அது இரண்டு நாளுக்குக் கொஞ்சம் மேல் வரை வேலை செய்யும். பிறகு வெளிப்படையாக ஒரு வரி: "டீச்சர், உங்களுடையது ஐபோன். முன்னால சொன்னத விட்டுடுங்க, இத மட்டும் செய்யுங்க."

```
Settings > General > Keyboard > Keyboards > Add New Keyboard > Tamil
```

இதை சாட்டில் Pin செய்துவிடுங்கள். கீபோட் வகை கேட்டால், ஆங்கில ஒலிப்படி தட்டுபவருக்கு `Anjal`, தமிழ்99 பழகியவருக்கு `Tamil 99`.

நான்காம் படி: எதிர்த்துப் பேசும் துப்பு வந்தால்

உறுதியாகிவிட்டது என்று நிம்மதியாக இருக்கும்போது டீச்சர் ஒரு ஸ்கிரீன்ஷொட் அனுப்புகிறார். அதில் `General management` பளிச்சென்று தெரிகிறது. திரும்பவும் சாம்சங்கா? அவசரப்பட வேண்டாம். ஸ்பேஸ் பட்டன் சோதனை பொய்யாகவில்லை, ஸ்கிரீன்ஷொட்டும் பொய்யில்லை. இரண்டு பலமான துப்புகள் மோதினால், பெரும்பாலும் அங்கே இரண்டு கருவிகள் இருக்கின்றன. "இது யாருட போன் டீச்சர்?" என்று கேட்டால், "மகன்ட போன், அதுலயும் இப்படித்தானான்னு பார்த்தேன்" என்பார். ஊகத்தைத் திருத்த வேண்டியதில்லை, தாளில் மூன்றாவது வரி சேர்த்தால் போதும்.

ஆனால் "இது என்ட போன்தான்" என்று பதில் வந்தால், முதலில் பதில் எழுதியது யார் என்று கேளுங்கள். பாதியில் போன் கைமாறி, ஸ்பேஸ் பட்டனை அழுத்திப் பார்த்தவர் வேறொருவராக இருந்திருக்கலாம். எழுத்து நடை மாறுவதே இதற்கு அறிகுறி. தமிழில் எழுதிக்கொண்டிருந்தவர் திடீரென்று ஆங்கில எழுத்தில் தமிழ் தட்டினாலோ, "தம்பி" என்றவர் "அண்ணே" என்றாலோ, அந்த இடத்திலிருந்து வரும் துப்புகளைத் தனியாக வையுங்கள்.

பிற்சேர்க்கை: Play Store-உம் இல்லை, App Store-உம் இல்லை என்று ஒருவர் சொன்னதாகப் பின்னூட்டத்தில் கேட்டிருந்தீர்கள். `AppGallery` இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால் அது பெரும்பாலும் ஹுவாவி. 2019-க்குப் பிறகு வந்த பல ஹுவாவி போன்களில் கூகுள் சேவைகள் கிடையாது, ஆகவே "அண்ட்ராய்ட் மாதிரி" என்று பழைய படிகளை அனுப்பினால் Play Store வரும் ஒவ்வொரு இடத்திலும் தடங்கும். தாளில் அதற்குத் தனிப் பெயரே எழுதுங்கள்.