24 பிரேமுக்கு மாற்றினால் மட்டும் படம் சினிமாவாகாது

மட்டக்களப்பு கல்லடிக் கடற்கரையில் கரைவலை இழுப்பதை ஒருநாள் காலையில் போனில் எடுத்து வந்தேன். சினிமாவைப் போல செக்கனுக்கு 24 பிரேமில்தான் எடுத்தேன். வீட்டில் போட்டுக் காட்டியதும் அண்ணன் முதலில் கேட்டது, “என்னடா தம்பி, இது ஏன் இப்பிடித் துடிக்குது?” என்றுதான். ஓட்டத்தை நிறுத்திப் பார்த்தேன். கயிற்றிலிருந்து சிதறிய தண்ணீர் காற்றில் மணி மணியாக நின்றது. ஒவ்வொரு பிரேமும் கூர்மையான ஒரு புகைப்படம். ஓடவிட்டால் இழுப்பவர்களின் கைகள் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குத் தாவின.

தவறு ஷட்டரில் இருந்தது. சினிமாக் கமராவில் ஒரு பிரேமுக்குரிய நேரத்தில் பாதியளவு ஷட்டர் திறந்திருப்பது வழக்கம். 25 பிரேம் என்றால் 1/50 செக்கன். அந்த நேரத்துக்குள் அசையும் கை லேசாகக் கலங்கிப் பதிகிறது; அந்தக் கலங்கல்தான் ஒரு பிரேமை அடுத்ததோடு இணைக்கிறது. பெரும்பாலான போன்களில் லென்ஸின் துவாரத்தைச் சுருக்க முடியாது. அதனால் வெயில் ஏற ஏற, போன் தானாகவே ஷட்டர் நேரத்தைக் குறைத்துக்கொண்டே போகும். நல்ல வெயிலில் அது 1/4000 வரைக்கும் போய்விடும்.

இதற்கு மருந்து என்டி ஃபில்டர், அதாவது லென்ஸுக்கு முன்னால் மாட்டும் கறுப்புக் கண்ணாடி. எந்த எண் வேண்டும் என்பதை ஊகிக்கத் தேவையில்லை. ஐஎஸ்ஓவை ஆகக் குறைந்த அளவில் வைத்து, ஃபில்டர் இல்லாமல் போன் காட்டும் ஷட்டரைப் பாருங்கள். காலை 7 மணியளவில் எனக்கு 1/1600 காட்டியது. 1600-ஐ 50-ஆல் வகுத்தால் 32, ஆகவே ND32. இன்னும் வெயில் ஏறி 1/3200 காட்டினால் ND64. சில போன்களில் ப்ரோ வீடியோவிலேயே ஷட்டரைப் பிடித்து வைக்கலாம். இல்லாதவர்களுக்கு Blackmagic Camera என்ற இலவச ஆப் உண்டு.

இரவில் கோயில் திருவிழாவையோ கூத்தையோ எடுப்பவர்கள் 1/60-இல் வைப்பது இன்னொரு தவறு. நம் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ், அதனால் பல விளக்குகள் செக்கனுக்கு 100 தடவை மினுங்குகின்றன. 1/50-க்குள் சரியாக இரண்டு மினுங்கல்கள் அடங்கும். 1/60-இல் ஒன்றரைக்குச் சற்று மேல். அந்தக் கணக்குப் பிசகுதான் படத்தில் பட்டை பட்டையாக ஓடுகிறது. ஐபோனில் 25 பிரேம் தெரியாவிட்டால், கமரா செட்டிங்கில் Show PAL Formats என்பதை இயக்குங்கள்.

அடுத்தது எக்ஸ்போஷர் பூட்டு. திரையை அழுத்திப் பிடித்தால் AE/AF LOCK என்று வரும், அது எல்லாருக்கும் தெரியும். எங்கே பார்த்துப் பூட்டுகிறோம் என்பதில்தான் பிழை விடுகிறோம். வாடிக்குள் வலை பொத்துபவரிடம் தொடங்கி, நடந்து வெளியே கடலுக்கு வருகிறீர்கள் என்று வையுங்கள். நிழலில் பூட்டினால் வெளியே வந்ததும் மணலும் வானமும் வெள்ளையாக வெந்துவிடும். வெந்த இடத்தை எடிட்டிங்கில் மீட்க முடியாது. இருண்ட இடத்தை ஓரளவு தூக்கலாம். ஆகவே முதலில் வெளியே போய் வெளிச்சத்தில் பூட்டிவிட்டு, உள்ளே வந்து தொடங்குங்கள். வெள்ளைச் சமநிலையையும் கூடவே பூட்டுங்கள், இல்லாவிட்டால் நடந்து வரும்போது நிறம் மஞ்சளிலிருந்து நீலத்துக்கு நழுவும். சூரியன் கடலிலிருந்து எழும்பும் நேரத்தில் ஒளி நிமிடத்துக்கு நிமிடம் மாறுகிறது. அப்போது ஒவ்வொரு ஷாட்டுக்கும் புதிதாகப் பூட்ட வேண்டும்.

ஸ்டெபிலைசேஷனைக் கூட்டினால் நல்லது என்று நான் நெடுநாள் நம்பினேன். 1/50-க்கு வந்த பிறகுதான் அதன் வில்லங்கம் தெரிந்தது. மென்பொருள் பிரேமின் ஓரத்தை வெட்டி, உள்ளிருப்பதை நகர்த்தி ஆட்டத்தை மறைக்கிறது. ஆனால் ஷட்டர் திறந்திருந்தபோது கை ஆடியதால் பதிந்த கலங்கலை அதனால் எடுக்க முடியாது. படம் அசையாமல் நிற்கும், நடுவே மட்டும் எல்லாம் திடீரென மங்கித் தெளியும். காலடி வைக்கும் ஒவ்வொரு தடவையும் அது வரும். அதனால் அதிகபட்ச ஸ்டெபிலைசேஷனை விட்டு, சாதாரண அளவுக்கு இறக்குங்கள். முழங்கைகளை விலாவோடு ஒட்டிப் பிடித்து, நடப்பதைக் குறைத்து, நின்று எடுங்கள். ட்ரைபாடில் வைத்து மெதுவாகத் திருப்பும்போது முழுவதும் அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் நீங்கள் வேண்டுமென்றே திருப்புவதையும் அது நடுக்கம் என்று எடுத்துக்கொண்டு கொஞ்சம் பிடித்து நிறுத்தும், பிறகு வெடுக்கென்று விடும்.

இரண்டாம் தடவை அதே கரைக்கு ND32 மாட்டிக்கொண்டு போனேன். வலையின் மடி கரையேறும் நேரம் ஒரு பிரேமை நிறுத்திப் பார்த்தேன். கயிற்றிலிருந்து தெறித்த தண்ணீர் இந்தத் தடவை மணியாக இல்லை, சின்னச் சின்னக் கோடுகளாக இழுபட்டிருந்தது.