இன்சுலின் யூனிட்டை மில்லியாக மாற்றுவது எப்படி? சிரிஞ்சில் எந்தக் கோடு வரை இழுக்க வேண்டும்?

மருந்துச் சீட்டில் "காலை 18 யூனிட்" என்றுதான் இருக்கும். எத்தனை மில்லி என்று எழுதியிருக்காது. யூனிட் என்பது இன்சுலினின் வீரியத்துக்கான அளவு. மில்லி என்பது சிரிஞ்சுக்குள் நிற்கும் திரவத்தின் அளவு. ஒரு மில்லியில் எத்தனை யூனிட் கரைந்திருக்கிறது என்பது தெரிந்தால்தான் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போக முடியும். இதைத்தான் செறிவு என்கிறோம்.

இந்தியாவில் மருந்துக்கடையில் கிடைக்கும் 10 மில்லி இன்சுலின் குப்பிகளில் பெரும்பாலானவை மில்லிக்கு 40 யூனிட். பேனாவில் போடும் 3 மில்லி கார்ட்ரிட்ஜ்கள் பொதுவாக மில்லிக்கு 100 யூனிட். 100 யூனிட் செறிவில் குப்பிகளும் உண்டு. ஒரே ஊரில் இரண்டு செறிவும் புழங்குவதால்தான் இந்தக் கணக்கை வீட்டில் ஒருவராவது தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

படி 1: குப்பியில் 40-ஆ, 100-ஆ என்று பாருங்கள்

இன்சுலின் பெயருக்குப் பக்கத்தில் "மில்லிக்கு 40 ஐ.யு." அல்லது "மில்லிக்கு 100 ஐ.யு." என்ற பொருளில் ஆங்கிலத்தில் அச்சாகியிருக்கும். ஐ.யு. என்பதும் யூனிட்டும் ஒன்றுதான். லேபிளில் 30/70 என்று இன்னொரு எண் இருந்தால் குழம்ப வேண்டாம். அது வேகமாக வேலை செய்யும் இன்சுலினும் மெதுவாக வேலை செய்யும் இன்சுலினும் கலந்திருக்கும் விகிதம். நம் கணக்கில் அது வராது.

படி 2: சிரிஞ்சின் உடம்பில் எழுதியிருப்பதைப் படியுங்கள்

இன்சுலின் சிரிஞ்ச் ஒவ்வொன்றும் ஒரு குறிப்பிட்ட செறிவுக்காகக் கோடு போடப்பட்டது. இங்கே வழக்கமாக 40-க்கான சிரிஞ்சின் மூடி சிவப்பு, 100-க்கானது ஆரஞ்சு. ஆனால் மூடியைக் கழற்றி வைத்துவிட்டால் நிறம் துணைக்கு வராது. ஆகவே குழலின் மேல் அச்சிட்டிருக்கும் 40 அல்லது 100 என்ற எண்ணைப் பாருங்கள். குப்பியில் உள்ள எண்ணும் சிரிஞ்சில் உள்ள எண்ணும் ஒன்றாக இருந்தால் கணக்கே தேவையில்லை. 18 யூனிட் என்றால் 18-ஆம் கோடு, அவ்வளவுதான்.

படி 3: கணக்கு

```
மில்லி = யூனிட் ÷ செறிவு
18 ÷ 40  = 0.45 மில்லி
18 ÷ 100 = 0.18 மில்லி
```

அதே 18 யூனிட்தான். 40 செறிவுக் குப்பியிலிருந்து எடுத்தால் கிட்டத்தட்ட அரை மில்லி வருகிறது. 100 செறிவுக் குப்பியிலிருந்து எடுத்தால் அதில் பாதிகூட இல்லை.

இப்போது எண்கள் பொருந்தாத சிரிஞ்ச் கையில் இருந்தால் என்ன ஆகும் என்று பார்ப்போம். 100-க்கான சிரிஞ்சில் 18-ஆம் கோடு என்பது 0.18 மில்லி. அதில் 40 செறிவு இன்சுலினை நிரப்பினால் உடம்புக்குப் போவது 7.2 யூனிட் மட்டுமே. சர்க்கரை இறங்காது. மாறாக, 40-க்கான சிரிஞ்சில் 18-ஆம் கோடு என்பது 0.45 மில்லி. அதில் 100 செறிவு இன்சுலினை நிரப்பினால் 45 யூனிட் போய்விடும். முதல் தவறு நாள்கணக்கில் உடம்பைக் கெடுக்கும். இரண்டாவது தவறு சில மணி நேரத்திலேயே ஆளை மயக்கத்தில் தள்ளும்.

படி 4: வேறு சிரிஞ்சே இல்லாத நேரத்தில்

அமெரிக்காவிலிருந்து ஊருக்கு வந்திருப்பவரிடம் 100-க்கான சிரிஞ்ச் மட்டும் இருக்கிறது, இங்கே வாங்கிய குப்பியோ 40. சரியான சிரிஞ்சை வாங்குவதுதான் முறை. அதற்கு வழியே இல்லாத ஒரு வேளைக்கு, மருத்துவரையோ மருந்தாளரையோ கேட்டுக்கொண்டு, யூனிட்டை 2.5 ஆல் பெருக்கிக் கோட்டைக் கண்டுபிடிக்கலாம். 18 × 2.5 = 45. அதாவது 45-ஆம் கோடு. 0.45 மில்லி என்று மேலே வந்த விடையும் இதுவே, ஏனென்றால் அந்தச் சிரிஞ்சில் ஒரு யூனிட் அளவு என்பது 0.01 மில்லி.

இதிலும் ஒரு சிக்கல் உண்டு. 1 மில்லி கொள்ளும் 100-க்கான சிரிஞ்சில் பெரும்பாலும் ஒரு சிறு கோடு 2 யூனிட்டைக் குறிக்கும். 45 என்பது 44-க்கும் 46-க்கும் நடுவே விழும், கோடு இருக்காது. ஒவ்வொரு கோட்டையும் 1 என்று எண்ணிக்கொண்டு போனால் அளவு இரட்டிப்பாகும். எனவே இரண்டு பெரிய எண்களுக்கு நடுவே எத்தனை கோடு என்று முதலில் எண்ணிப் பாருங்கள். 10-க்கும் 20-க்கும் இடையில் ஐந்து இடைவெளி என்றால் ஒவ்வொன்றும் 2 யூனிட்.

சாதாரண 2 மில்லி சிரிஞ்சை இதற்குத் தொடவே கூடாது. அதன் சிறிய கோடு 0.1 மில்லி. 40 செறிவில் அது 4 யூனிட், 100 செறிவில் 10 யூனிட். அவ்வளவு பெரிய இடைவெளியில் 18-ஐக் கண்ணால் பிடிக்க முடியாது.

படி 5: இழுப்பதும் பார்ப்பதும்

கலங்கலான இன்சுலின் என்றால் குப்பியை இரு உள்ளங்கைகளுக்கு நடுவே மெதுவாகப் பத்து முறை உருட்டுங்கள். குலுக்கினால் நுரை வரும். எடுக்கப்போகும் அளவுக்குச் சமமான காற்றை முதலில் குப்பிக்குள் செலுத்திவிட்டு, குப்பியைத் தலைகீழாகப் பிடித்து மருந்தை இழுங்கள். சிரிஞ்சைக் கண் மட்டத்துக்குக் கொண்டுவந்து, கறுப்பு ரப்பரில் ஊசிப் பக்கம் இருக்கும் விளிம்பு எந்தக் கோட்டில் நிற்கிறது என்று பாருங்கள். பின்பக்க விளிம்பை வைத்து அளந்தால் மருந்து குறைந்துவிடும்.

காற்றுக் குமிழி இருந்தால் சிரிஞ்சை விரலால் தட்டி மேலே ஏற்றி, மருந்தைக் குப்பிக்குள்ளேயே தள்ளிவிட்டு மறுபடி இழுங்கள். தோலுக்கடியில் போடும்போது அந்தக் காற்றால் ஆபத்தில்லை. ஆனால் 40-க்கான சிரிஞ்சில் இரண்டு கோடு அகலக் குமிழி என்றால் 2 யூனிட் குறைவு.

தவறு நடக்கிறதா என்று குப்பியே சொல்லும்

காலை 18, மாலை 12, ஆக நாளைக்கு 30 யூனிட் என்று வையுங்கள். 40 செறிவுள்ள 10 மில்லி குப்பியில் மொத்தம் 400 யூனிட். சுமார் 13 நாளில் தீர வேண்டும். ஒரு மாதம் தாண்டியும் மருந்து மிச்சமிருந்தால், 100-க்கான சிரிஞ்சில் போடுகிறீர்களா என்று உடனே பாருங்கள். அந்தத் தவறில் நாளைக்கு 0.3 மில்லிதான் செலவாகும், குப்பி 33 நாள் வரும். 100 செறிவுக் குப்பியில் நிலைமை தலைகீழ்: 33 நாள் வர வேண்டியது 13 நாளில் தீர்ந்தால், 40-க்கான சிரிஞ்சில் கூடுதலாகப் போகிறது என்று பொருள்.

கூடுதலாகப் போட்டுவிட்டதாகச் சந்தேகம் வந்தால் வியர்வை, நடுக்கம், பசி, தடுமாற்றம் வரும்வரை காத்திருக்காதீர்கள். உடனே சர்க்கரையைச் சோதித்து, இனிப்பான எதையாவது கொடுத்து, மருத்துவரை அழையுங்கள். நினைவு தப்பியவருக்கு வாயில் எதுவும் ஊற்றாமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

குறைவாகப் போன தவறைக் கண்டுபிடித்தாலும் நிதானம் தேவை. சர்க்கரை இறங்கவில்லையே என்று மருத்துவர் அளவைக் கூட்டிக்கொண்டே வந்து, இப்போது சீட்டில் 35 யூனிட் என்று இருக்கலாம். 100-க்கான சிரிஞ்சில் 35-ஆம் கோடு வரை 40 செறிவு இன்சுலினை இழுத்துவந்தவருக்கு உண்மையில் போய்க்கொண்டிருந்தது 14 யூனிட்தான். இன்று சரியான சிரிஞ்சை வாங்கி, பழைய பழக்கத்தில் 35-ஆம் கோடு வரை இழுத்தால் முழு 35 யூனிட்டும் இறங்கிவிடும். ஆகையால் சிரிஞ்சை மாற்றுவதற்கு முன்பு, பழைய சிரிஞ்சையும் குப்பியையும் எடுத்துக்கொண்டு போய் மருத்துவரிடம் காட்டி, புது அளவை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.