பெர்ஃப்யூமுக்கு நேர்மையான விற்பனைக் குறிப்பு எழுதும் முறை

பெர்கமாட், மல்லிகை, வெட்டிவேர் ஆகிய மணங்கள் கொண்ட 50 மில்லி ஓ டி பர்ஃபம் வகைப் பெர்ஃப்யூம் ஒன்றை விற்கப் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம்.

முதல் வேலை எழுதுவதன்று, முகர்ந்து பார்ப்பது. வாசனையற்ற சோப்பால் கழுவி உலர்த்திய முன்கையில், கிரீம் எதுவும் பூசாமல், மாதிரிப் புட்டியிலிருந்து இரண்டு முறை தெளித்து நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பத்து நிமிடம், ஒரு மணி, மூன்று மணி, ஆறு மணி கழித்து என்ன மணக்கிறது என்று அவ்வப்போது எழுதி வையுங்கள். ஒரே மணத்தைத் தொடர்ந்து நுகரும் மூக்கு அதை உணராமற் போகும் என்பதால், மணம் தீர்ந்துவிட்டது என்று முடிவு செய்யும் முன் வெளியிலிருந்து வரும் ஒருவரிடம் கேட்டுப் பாருங்கள்.

அந்தக் குறிப்பே, நோட் எனப்படும் மணங்களை வரிசையாக எழுத உதவும். பெர்கமாட் போன்ற எலுமிச்சை வகை மணங்கள் விரைவாக ஆவியாவதால் அவை முதலில் எழும் டாப் நோட். அடுத்து மல்லிகை எழும். கனமான வெட்டிவேர் கடைசிவரை தோலில் தங்கும். தெளித்த உடனே வரும் மணத்தை மட்டும் எழுதினால், வாங்குபவர் நாளின் பெரும்பகுதியும் அணியப் போகும் மணத்தை மறைத்ததாகும். நோட் என்பது மூக்கு உணரும் மணமே தவிர, சேர்த்த பொருளின் பட்டியல் அன்று. லில்லி ஆஃப் த வேலி பூவிலிருந்து வணிக அளவில் எண்ணெய் எடுக்க இயலாததால், பெர்ஃப்யூமில் அதன் மணம் பிற பொருள்களைக் கூட்டி அமைத்ததே. ஆகவே தயாரிப்பாளர் உறுதி சொன்னாலன்றி, "அசல் மல்லிகை எண்ணெய்" என்று எழுதாதீர்கள்.

அடர்த்தியில் கவனம் தேவை. ஓ டி துவாலெட்டில் பொதுவாக 5 முதல் 15 விழுக்காடும், ஓ டி பர்ஃபத்தில் 15 முதல் 20 விழுக்காடும் வாசனைக் கலவை இருக்கும் என்பார்கள். ஆனால் இவை வழக்கமான அளவுகளே, நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். எனவே புட்டியில் அச்சிட்ட பெயரை மட்டும் எழுதுங்கள். அடர்த்தி கூடினால் நேரமும் கூடும் என்பதும் நிச்சயமில்லை. எலுமிச்சை மணமே மிகுந்த கலவை எவ்வளவு அடர்த்தியானாலும் விரைவில் மங்கும்.

கொள்ளளவை மில்லியில் எழுதுங்கள். ஒரு தெளிப்பு ஏறத்தாழ 0.1 மில்லி என்பதால், 50 மில்லியில் சுமார் 500 தெளிப்புகள் கிடைக்கும். திறந்த புட்டியானால் மீதியுள்ள அளவைச் சொல்லியே ஆகவேண்டும்.

இனிக் குறிப்பை எழுதலாம்:

"ஓ டி பர்ஃபம், 50 மில்லி, திறக்காதது. தொடக்கத்தில் பெர்கமாட், அரை மணிக்குள் மல்லிகை, மூன்றாம் மணி முதல் வெட்டிவேர். மின்விசிறி அறையில், தோலில் இரண்டு தெளிப்புக்கு 5 முதல் 6 மணி நேரம் நின்றது. கடைசி இரண்டு மணியில் அருகில் வந்தால்தான் தெரியும்."

துணியில் மணம் பெரும்பாலும் கூடுதல் நேரம் தங்கும். அந்த நேரத்தைத் தோலின் நேரமாகக் காட்டாமல் தனியே எழுதுங்கள்.