கோர்ட் சம்மன் என்று மெயில் வந்தால் செய்யக்கூடாதவை

நான் கும்பகோணத்தில் ஒரு வக்கீலிடம் குமாஸ்தா. சம்மன், நோட்டீஸ், வாரண்ட் எல்லாம் தினமும் கையில் புழங்கும் காகிதங்கள். அதனால்தானோ என்னவோ, கொஞ்ச காலமாக ஃபோனைத் தூக்கிக்கொண்டு முகம் வெளுத்து வருகிறவர்களைப் பார்த்தாலே என்ன மெயில் என்று தெரிந்துவிடுகிறது. பெரும்பாலும் ஒரே சரக்குதான். மெயிலில் ஒரு வரி இருக்கும், இல்லாவிட்டால் அதுவும் இருக்காது, கூடவே ஒரு பிடிஎஃப். திறந்தால் மேலே சிங்க முத்திரை, உளவுத்துறை, சிபிஐ, சைபர் கிரைம் என்று இருக்கிற பெயரெல்லாம் ஒரே தாளில், கீழே ஏதோ பெரிய அதிகாரியின் கையெழுத்து. நீங்கள் இணையத்தில் குழந்தைகள் சம்பந்தப்பட்ட ஆபாசப் படம் பார்த்திருக்கிறீர்கள், போக்சோ சட்டத்திலும் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 67பி பிரிவிலும் வழக்கு, 24 மணி நேரத்துக்குள் விளக்கம் அனுப்பாவிட்டால் கைது, டிவியில் பெயர் வரும். பணத்தைப் பற்றி அந்தத் தாளில் ஒரு வார்த்தை இருக்காது. அது அடுத்த கட்டம்.

இதில் முதல் தவறு, பிரிவு எண்ணைக் கூகுளில் தேடிப் பார்ப்பது. தேடினால் எல்லாம் நிஜமாகவே இருக்கும். 67பி நிஜம், முதல் முறைக்கே ஐந்து வருஷம் வரை ஜெயில், பத்து லட்சம் வரை அபராதம். அப்படிப் படத்தை ஃபோனில் வைத்திருப்பதே குற்றமாகலாம் என்று 2024 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம், சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பு ஒன்றை ரத்து செய்து சொன்னதும் நிஜம். சட்டம் நிஜம் என்பதால் தாளும் நிஜம் என்று மனசு முடிச்சுப் போட்டுவிடுகிறது. பிரிவு எண்ணை யார் வேண்டுமானாலும் டைப் அடிக்கலாம், முத்திரைப் படத்தையும் ஒட்டலாம். தேட வேண்டியது அதை அல்ல, தாளில் இல்லாததை.

என்ன இல்லை? உங்கள் பெயர் இல்லை. கோர்ட் சம்மனைப் பார்த்திருந்தால் தெரியும், இன்னார், தகப்பனார் பெயர், தெரு, ஊர், வட்டம் என்று ஆளை அடையாளம் காட்டாமல் அது நகரவே நகராது. எந்த கோர்ட், வழக்கு எண் என்ன, எந்தத் தேதியில் எத்தனை மணிக்கு ஆஜராக வேண்டும் என்று இருக்கும். இந்த மெயிலில் 'அன்புடையீர்' என்றோ, வெறுமனே உங்கள் மெயில் முகவரியோ இருக்கும். பெறுநர் என்ற இடத்தைத் தொட்டுப் பாருங்கள், அங்கே பெரும்பாலும் உங்கள் முகவரியே இருக்காது, ஒரே மெயிலை மறைமுகப் பிரதியாக ஆயிரம் பேருக்குத் தட்டிவிட்டிருப்பார்கள். அதாவது அனுப்பியவனுக்கு நீங்கள் யார் என்றே தெரியாது. அதைத் தெரிந்துகொள்ளத்தான் 24 மணி நேரத்துக்குள் விளக்கம் கேட்கிறான்.

குடவாசல் பக்கத்துப் பெரியவர் ஒருவர் விஷயத்தில் இது எப்படி நடந்தது என்று சொல்கிறேன். மகன் சிங்கப்பூரில். அவன்தான் ஃபோன் வாங்கிக் கொடுத்து ஜிமெயில் கணக்கும் போட்டுக் கொடுத்தது. இவர் மெயிலெல்லாம் பார்ப்பதே இல்லை, குறுவை நெல் போட்ட பணம் வந்துவிட்டதா என்று மெசேஜ் பார்க்கிற நேரத்தில் இது கண்ணில் பட்டிருக்கிறது. வாட்ஸ்அப் குரூப்பில் எவனோ போட்ட கண்றாவி வீடியோ ஞாபகத்துக்கு வர, அதுதான் மாட்டிவிட்டது என்று நினைத்துக்கொண்டார். மகனிடம் சொல்ல வெட்கம், வீட்டில் சொல்ல அதைவிட வெட்கம். காலையில் பதில் போட்டிருக்கிறார்: ஐயா, நான் எந்தத் தப்பும் செய்யவில்லை, என் பெயர் இது, இன்னாருடைய மகன், இந்த ஊர், என் நம்பர் இது, ஆதார் படம் இணைத்திருக்கிறேன்.

மதியத்துக்குள் இரண்டாவது பிடிஎஃப் வந்தது. இதில் அவர் பெயர், தகப்பனார் பெயர், ஊர், ஆதார் எண் எல்லாம் அச்சடித்தாற்போல் இருந்தது. "என் அப்பா பேர்கூடப் போட்டிருந்தான் தம்பி, அதுக்கு மேல நம்பாம என்ன பண்றது?" என்று என்னிடம் கேட்டார். எந்த மெயில் முதலில், எது பிறகு என்று ஃபோனில் வரிசையாகக் காட்டினேன். முதல் தாளில் ஒன்றும் இல்லை, காலையில் இவர் எழுதிக் கொடுத்தது அப்படியே மதியம் திரும்பி வந்திருக்கிறது, அவ்வளவுதான். 'நான் நிரபராதி' என்று எழுதினால் போதும், வேறு எதையும் கொடுக்கவில்லையே என்பார்கள் சிலர். பதில் போட்டாலே போதும், பயந்த ஆள் ஒருவர் இந்த முகவரியில் இருக்கிறார் என்பது அவனுக்குத் தெரிந்துவிடும்.

அதன் பிறகு ஃபோன். உயர் அதிகாரியிடம் பேசி ஃபைலை மூடலாம், செட்டில்மென்ட் 38,500 ரூபாய். இந்த இடத்தில்தான் ஒரு விஷயம் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும். சமாதானமாகப் போகக்கூடிய வழக்கு, போக முடியாத வழக்கு என்று சட்டத்தில் பிரிவு உண்டு. சமாதானம் ஆகக்கூடிய வழக்கிலும் அது பாதிக்கப்பட்டவருக்கும் எதிரிக்கும் நடுவில் நடப்பது, கோர்ட்டில் பதிவாவது. போலீஸுக்கோ உளவுத்துறைக்கோ பணம் கட்டி முடிக்கிற செட்டில்மென்ட் என்று ஒன்று இந்த மாதிரி வழக்கில் கிடையவே கிடையாது. அதிலும் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 77ஏ பிரிவு, மூன்று வருஷத்துக்கு மேல் தண்டனை உள்ள குற்றத்தையும், குழந்தைகளுக்கோ பெண்களுக்கோ எதிரான குற்றத்தையும் சமாதானம் செய்யவே கூடாது என்கிறது. அவன் மேற்கோள் காட்டும் 67பி இரண்டு வகையிலும் விலக்கப்பட்டது. பணம் கொடுத்து முடிக்கலாம் என்று ஒருவன் சொன்ன நிமிஷமே அவன் சொன்ன பிரிவே அவனைப் பொய்யன் ஆக்கிவிடுகிறது.

பெரியவர் கட்டிவிட்டார். யுபிஐயில் பணம் போடும்போது திரையில் வந்தது ஏதோ ஒரு தனி ஆளின் பெயர். அது காசாளர் பெயர் என்று சொல்லியிருக்கிறான், இவரும் சரி என்றுவிட்டார். மறுநாள் காலை, கேஸ் முடிந்ததற்கு சர்டிஃபிகேட் தர இன்னும் 12,000 வேண்டும் என்றபோதுதான் சந்தேகம் வந்து எங்கள் ஆபீஸுக்கு வந்தார். பணம் கொடுத்தால் தொல்லை விடும் என்று நினைப்பது எவ்வளவு பெரிய தவறு பாருங்கள். கொடுக்கிறவர் என்று தெரிந்த பிறகு எதற்கு விடப்போகிறான்?

இன்னொரு தவறு படித்தவர்களே செய்வது. உண்மையா என்று விசாரிக்கிறேன் பேர்வழி என்று அந்தத் தாளிலேயே இருக்கிற நம்பருக்கு ஃபோன் அடிப்பார்கள். எதிர்முனையில் 'சைபர் செல்' என்று ஒருவர் எடுத்து, ஆமாம் சார் உங்கள் பெயரில் ஃபைல் இருக்கிறது என்பார். வேறென்ன சொல்வார். விசாரிப்பதாக இருந்தால் உங்கள் மாவட்ட சைபர் கிரைம் காவல் நிலையத்தில் நேரில் கேளுங்கள், இல்லை கோர்ட் வளாகத்தில் இருக்கிற மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள், 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். அனுப்புநர் முகவரியையும் ஒரு தட்டு தட்டிப் பாருங்கள். மேலே பெரிய எழுத்தில் தெரிகிற பெயர் அவனே வைத்துக்கொண்டது, @ குறிக்குப் பின்னால் கடைசியில் என்ன இருக்கிறது என்பதுதான் கணக்கு. அரசு அலுவலகமென்றால் gov.in அல்லது nic.in என்று முடிய வேண்டும். gmail.com என்று முடிந்தால் முன்னால் எத்தனை முறை gov என்று எழுதியிருந்தாலும் அது ஜிமெயில்தான்.

எஃப்.ஐ.ஆர். இருக்கிறதா என்று தமிழ்நாடு போலீஸ் தளத்தில் தேடிப் பார்க்கச் சொல்லிச் சிலர் யோசனை கொடுக்கிறார்கள். மற்ற வழக்குக்குச் சரி, ஆனால் போக்சோ போன்ற வழக்குகளின் எஃப்.ஐ.ஆரைப் பொதுவில் ஏற்றுவதில்லை. அதனால் அங்கே இல்லை என்பதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

'மெயிலில் சம்மன் வரவே வராது' என்று அடித்துச் சொல்கிறார்கள் பாருங்கள், அதுவும் இப்போது சரியில்லை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில், கோர்ட் முத்திரை பதித்த சம்மனை மின்னணு வழியிலும் சேர்ப்பிக்கலாம் என்று இருக்கிறது. அதே சட்டத்தின் 35(3) பிரிவில் போலீஸ் விசாரணைக்கு அழைக்கும் நோட்டீஸ் விஷயம் வேறு. அதை வாட்ஸ்அப்பிலோ மற்ற மின்னணு வழியிலோ கொடுக்கக்கூடாது என்று 2025இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆகவே வந்த வழியை மட்டும் பார்க்காமல் என்ன கேட்கிறது என்று பாருங்கள். சம்மன் உங்களை ஒரு தேதியில் கோர்ட்டுக்கு வரச் சொல்லும். சில்லறை அபராத வழக்குகளை விட்டால் அதில் பணப் பேச்சு இருக்காது. போலி மெயிலுக்கு நீங்கள் கோர்ட் பக்கம் போய்விடக்கூடாது என்பதுதான் கவலை.

மெயில் வந்ததும் அவமானத்தில் அழித்துவிடாதீர்கள். ஸ்க்ரீன்ஷாட் மட்டும் எடுத்து வைப்பதும் போதாது, எந்த சர்வரிலிருந்து புறப்பட்டது என்ற விவரம் அசல் மெயிலுக்குள்தான் இருக்கிறது. கம்ப்யூட்டரில் ஜிமெயிலைத் திறந்து, மெயிலின் மூன்று புள்ளியைத் தொட்டால் Show original என்று வரும், அதை இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். பணம் போகாவிட்டாலும் cybercrime.gov.in தளத்தில் புகார் பதியலாம். பணம் போயிருந்தால் முதலில் 1930 என்ற சைபர் கிரைம் உதவி எண்ணுக்கு ஃபோன் அடியுங்கள். எவ்வளவு ரூபாய், எத்தனை மணிக்கு, எந்த பேங்க், யுபிஐ பரிவர்த்தனையின் 12 இலக்க எண், இதையெல்லாம் ஒரு சீட்டில் எழுதி வைத்துக்கொண்டு பேசுங்கள், அங்கே தேடிக்கொண்டிருந்தால் நேரம் போகும். பணம் அந்தக் கணக்கில் இருக்கும்வரைதான் நிறுத்திவைக்க முடியும். ஒரு கணக்கிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றி ஏடிஎம்மில் எடுத்துவிட்டால் போச்சு. பெரியவர் ஒரு நாள் கழித்து அடித்ததில் கொஞ்சம்தான் நின்றது, அதுவும் உடனே கைக்கு வரவில்லை, அதற்கென்று தனியாக அலைய வேண்டியிருந்தது. அந்த அலைச்சலின் நடுவிலேயே 'இழந்த பணத்தை மீட்டுத் தருகிறோம், முன்பணம் 5,000' என்று ஒரு 'வக்கீல்' அவருக்கு ஃபோன் செய்தார். பெரியவர் பெயரும் நம்பரும்தான் சந்தைக்குப் போய்விட்டதே.

இதையெல்லாம் படித்துவிட்டு, வருகிற நோட்டீஸ் எல்லாம் டூப்பு என்று தூக்கிப் போடுவது கடைசித் தவறு. அது எங்கள் ஆபீஸில் நிறைய நடக்கிறது. உரக்கடைக்கோ நகைக்கடைக்கோ கொடுத்த செக் திரும்பி, வக்கீல் நோட்டீஸ் பதிவுத் தபாலில் வந்தால், அது கைக்கு வந்த நாளிலிருந்து 15 நாளுக்குள் பணத்தைக் கட்டியாக வேண்டும், இல்லாவிட்டால் மாற்றுமுறை ஆவணச் சட்டம் 138 பிரிவில் வழக்கு போடுவார்கள். வீட்டில் இருந்துகொண்டே தபால்காரரிடம் வாங்க மாட்டேன் என்று திருப்பி அனுப்பினாலும், கோர்ட் கணக்கில் அது உங்களிடம் சேர்ப்பிக்கப்பட்டதாகத்தான் எடுத்துக்கொள்ளப்படும்.