உச்சி வெயில் படத்தில் மென்மையான ஒளியில் எடுத்த முகம்: கண்குழி நிழலும் மூக்கடி நிழலும்

குழுப் படம் நண்பகல் வெயிலில் எடுத்தது. அன்று வர முடியாத ஒருவரை, அவர் சம்மதத்தோடு, பின்னால் சேர்க்கிறோம். அவருடைய படமோ ஜன்னலோரம் எடுத்தது, முகம் முழுக்க ஒரே சீரான வெளிச்சம். வெட்டி ஒட்டிப் பார்த்தால் நிறம் ஓரளவு பொருந்தும், ஆனாலும் அந்த முகம் மட்டும் தனியாகத் தெரியும். பக்கத்தில் நிற்பவர்களின் கண்குழியிலும் மூக்குக்குக் கீழேயும் கட்டியான நிழல் இருக்க, இவருக்கு மட்டும் அது இல்லை.

பலரும் கறுப்பு பிரஷ்ஷை எடுத்து அங்கே தடவுவார்கள். அது நிழலாக வராது, கரி பூசியதுபோல் வரும். நிழல் என்பது அங்கே விழும் வெளிச்சம் குறைவது. எவ்வளவு குறைகிறது என்பது பக்கத்து முகத்திலேயே இருக்கிறது. அளந்து எடுத்தால் போதும்.

1. அளப்பது. ஃபோட்டோஷாப்பில் ஐட்ராப்பரை எடுத்து, Sample Size-ஐ 11 by 11 Average என்று வையுங்கள். Info பேனலைத் திறந்து, பக்கத்தில் நிற்பவரின் நெற்றியில் வெயில் படும் இடத்தையும் கண்குழியையும் பாருங்கள். என் படத்தில் நெற்றி சிவப்பு 210, பச்சை 160, நீலம் 130. கண்குழி 80, 62, 56. வகுத்தால் முறையே 0.38, 0.39, 0.43. நீலம் மட்டும் குறைவாகவே இறங்கியிருக்கிறது, ஏனென்றால் வெயில் மறைந்த இடத்துக்கு வானத்தின் ஒளி வருகிறது. மூக்கடியில் இதே கணக்கைப் போட்டால் 0.42, 0.39, 0.37 வந்தது. அது தரையைப் பார்த்த பகுதி. மண் தரையில் பட்டுத் திரும்பும் ஒளி செம்மையானது. ஆகவே இரண்டு நிழலுக்கும் ஒரே நிறம் சரிப்படாது. நெற்றியின் எண் 255-ஐத் தொட்டிருந்தால் அந்த இடத்தை விட்டுவிடுங்கள், விகிதம் பொய்யாகிவிடும்.

2. வெயில் பக்கத்தை முதலில் பொருத்துவது. ஒட்டிய முகத்தின் நெற்றியை, அவருடைய தோல் நிறத்துக்கு ஏற்றபடி, வெயிலில் இருப்பதுபோல் ஏற்றிக்கொள்ளுங்கள். எனக்கு அது சிவப்பில் 205-இல் நின்றது. இதைச் செய்யாமல் நிழலுக்குப் போகாதீர்கள்.

3. நிழல் லேயர். முகத்துக்கு மேலே ஒரு கர்வ்ஸ் லேயரைச் சேர்த்து முகத்தோடு கிளிப் செய்யுங்கள். ஒவ்வொரு சேனலிலும் வலது மேல் மூலைப் புள்ளியை மட்டும் நேராகக் கீழே இறக்க வேண்டும். Output மதிப்பு 255-ஐ அந்த விகிதத்தால் பெருக்கியது: சிவப்பு 97, பச்சை 99, நீலம் 110. கோடு நேராக இருப்பதால் எல்லாம் ஒரே விகிதத்தில் குறையும். தோலின் நுணுக்கம் கெடாது. மாஸ்க்கை Ctrl+I அழுத்திக் கறுப்பாக்கிவிட்டு, நிழல் வேண்டிய இடத்தில் மட்டும் வெள்ளை தீட்டுங்கள். மூக்கடிக்கு அதன் எண்களோடு (107, 99, 94) இன்னொரு லேயர்.

இங்கே ஒரு சிக்கல் உண்டு. மென்மையான ஒளியிலும் கண்குழி கொஞ்சம் மங்கலாகவே இருக்கும். நான் ஒட்டிய முகத்தில் அது சிவப்பில் 165. அதை 0.38-ஆல் பெருக்கினால் 63 வரும். ஆனால் நெற்றி 205 என்றால் அங்கே வேண்டியது 78. கண்கள் இரண்டும் குழிந்து, நோயாளி மாதிரி ஆகிவிடும். லேயரின் Opacity-ஐ 85%-க்குக் குறைத்ததும் 78 கிடைத்தது. கண்ணால் பார்த்து முடிவு செய்யாமல் எண்ணைப் பார்த்தே குறையுங்கள்.

4. வடிவமும் ஓரமும். பக்கத்து முகத்தில் மூக்கு நிழல் மேலுதட்டில் எதுவரை இறங்குகிறது, எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்து அப்படியே வரையுங்கள். கண்ணில், நிழல் புருவ எலும்பிலிருந்து கன்னத்து எலும்பின் மேல்விளிம்பு வரை வரும். சூரியன் சற்று முன்னால் இருந்தால் மேல் இமையின் புடைப்பில் மட்டும் வெயில் படும்.

ஓரம் எவ்வளவு மங்கலாக இருக்கலாம்? சூரியன் வானத்தில் ஏறத்தாழ அரை டிகிரி அகலம்தான். மூக்கு நுனியிலிருந்து 2.5 செ.மீ. தள்ளி விழும் நிழலின் ஓரம் 0.2 மி.மீ.தான் மங்கும். 20 செ.மீ. முகம் 800 பிக்சலில் இருந்தால் அது ஒரு பிக்சல்கூட இல்லை. அதனால் லாஸோவில் கூர்மையாகத் தேர்ந்து, ஒரு பிக்சல் Feather கொடுத்தால் போதும். தாடையின் நிழல் 10 செ.மீ. கடந்து கழுத்தில் விழுவதால் அங்கே நான்கு பிக்சல் வரை போகலாம்.

5. கண்ணின் பளிச்சு. கருவிழியில் ஜன்னல் வடிவில் வெள்ளைப் பொட்டு இருக்கும். புருவம் வெயிலை மறைத்த கண்ணில் அதற்கு இடமில்லை. க்ளோன் ஸ்டாம்ப்பால் எடுத்துவிடுங்கள். வேண்டுமானால் கருவிழியின் கீழ்ப்பகுதியில் தரையின் வெளிச்சத்தை லேசாகக் காட்டலாம்.

இத்தனையும் செய்தபின் நிழல் சரியாக இருந்தும் முகம் ஒட்டாமல் நின்றால், கண்ணைப் பாருங்கள். உச்சி வெயிலில் நிற்கும் யாரும் கண்ணை அகல விரித்து வைத்திருக்க மாட்டார்கள். கீழ் இமை ஏறி, புருவம் சுருங்கியிருக்கும். இதை கர்வ்ஸால் செய்ய முடியாது. அவர் சிரித்துக் கண் சுருங்கிய வேறு படம் இருந்தால் அதை எடுத்துக்கொண்டு இரண்டாம் படியிலிருந்து மறுபடி செய்யுங்கள்.