ரசீது எந்த ஆண்டுக் கோப்பில் சேர வேண்டும்? மாதச் சம்பளக்காரர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வருமான வரிக் கணக்கைத் தாக்கல் செய்யும்போது எந்த ரசீதையும் இணைத்து அனுப்ப வேண்டியதில்லை. இந்த வசதியே பலரைத் தவறான முடிவுக்குக் கொண்டுபோய்விடுகிறது. கேட்காத தாளை ஏன் வைத்திருக்க வேண்டும் என்று எண்ணி, ஜனவரியில் அலுவலகத்தில் ஆதாரங்களைக் கொடுத்து முடித்ததும் மூலப் பிரதிகளைத் தொலைத்துவிடுகிறார்கள். ஆனால் கழிவைக் கோருபவர் நிறுவனம் அல்ல, வரி செலுத்துபவர்தான். பின்னாளில் வருமான வரித் துறை விளக்கம் கேட்டால் தாளைக் காட்ட வேண்டியவரும் அவரே. ஆதாரமே இல்லாமல் செலவைக் கோரியிருப்பது வருமானத்தைத் திரித்துக் காட்டியதாகக் கருதப்பட்டால், வரியோடு அந்த வரியின் 200 சதவீதம் வரை அபராதமும் சேரும்.

தொடங்கும்போதே நிகழும் தவறு, எந்த வரி முறையில் இருக்கிறோம் என்று பார்க்காமல் ரசீதுகளைக் குவிப்பது. 2023-24 நிதியாண்டிலிருந்து புதிய வரி முறையே இயல்பானது. அதில் வீட்டு வாடகைப் படிக்கான விலக்கு, சேமிப்பு முதலியவற்றுக்கான 80சி பிரிவுக் கழிவு, மருத்துவக் காப்பீடு முதலியவற்றுக்கான 80டி பிரிவுக் கழிவு ஆகிய எவையும் கிடையாது. 2024-25 முதல் 75,000 ரூபாய் நிலைக்கழிவு உண்டு, அதற்கு எந்த ரசீதும் தேவையில்லை. பழைய முறையைத் தேர்ந்தெடுப்பவருக்குத்தான் ரசீதுகள் பயன்படும். தொழில் வருமானம் இல்லாத சம்பளக்காரர் இந்தத் தேர்வை ஒவ்வோர் ஆண்டும் மாற்றிக்கொள்ளலாம், ஆனால் பழைய முறை வேண்டுமானால் கணக்கைக் கெடு நாளுக்குள் தாக்கல் செய்தாக வேண்டும். வழக்கமாக அது ஜூலை 31. அதைத் தவறவிட்டுத் தாமதக் கணக்குத் தாக்கல் செய்பவருக்குப் புதிய முறை மட்டுமே மிஞ்சும். கையில் எத்தனை ரசீதுகள் இருந்தாலும் அவற்றுக்கு மதிப்பில்லை.

பழக்கத்தால் சேர்க்கப்படும் வேறு தாள்களும் உண்டு. நிறுவனம் திருப்பித் தரும் மருத்துவச் செலவில் ஆண்டுக்கு 15,000 ரூபாய் வரை இருந்த விலக்கு 2018-19 நிதியாண்டிலிருந்து நீக்கப்பட்டு, அதற்குப் பதிலாக நிலைக்கழிவு வந்தது. ஆயினும் தலைவலி மாத்திரை வாங்கிய பில்லைக்கூடப் பத்திரப்படுத்துவோர் இன்னும் இருக்கிறார்கள். அதேபோல, சொந்தப் பணத்தில் வாங்கிய மடிக்கணினி, கைப்பேசிக் கட்டணம், வேலைக்குச் செல்லும் பெட்ரோல் ஆகியவற்றின் பில்களைக் காட்டிச் சம்பளக்காரர் தம் கணக்கில் கழிவு பெற முடியாது. ஜிஎஸ்டி எண் அச்சிட்ட பில் என்பதற்காக அது வரிக் கழிவுக்கு உரியதாகிவிடாது.

இனி ஆண்டுவாரியாகப் பிரிப்பதற்கு வருவோம். மற்ற எல்லாத் தவறுகளையும்விட அதிகம் இழக்க வைப்பது இதுதான் என்பது என் கருத்து. வருமான வரிக்கான ஆண்டு ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரை. ரசீதில் உள்ள பில் தேதி, பிரீமியத்தின் தவணைத் தேதி, பள்ளியின் கல்வியாண்டு என்று பல தேதிகள் இருக்கும். 80சி, 80டி பிரிவுகளுக்குக் கணக்கில் வருவது பணம் உண்மையில் செலுத்தப்பட்ட நாள் மட்டுமே. ஜூன் மாதம் தொடங்கும் வகுப்புக்கு மார்ச் மாதத்திலேயே கல்விக் கட்டணம் கட்டினால், அந்த ரசீது முடியப்போகும் நிதியாண்டின் கோப்பில்தான் சேரும்.

கோப்பின் மேல் மதிப்பீட்டு ஆண்டை எழுதி வைப்பது இன்னொரு குழப்பம். 2024-25 நிதியாண்டில் ஈட்டிய வருமானத்துக்கு மதிப்பீட்டு ஆண்டு 2025-26. ஒரு கோப்பில் நிதியாண்டையும் மற்றொன்றில் மதிப்பீட்டு ஆண்டையும் எழுதியவரின் அலமாரியில் இரண்டு 2025-26 கோப்புகள் இருக்கும், ஒன்றில் தேட வேண்டியதை மற்றொன்றில் தேடுவார். வருமான வரிச் சட்டம் 2025, 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வருவதால் அதன்பின் ‘வரி ஆண்டு’ என்ற ஒன்றே இருக்கும். பிரிவு எண்களும் மாறுகின்றன. ஆகவே எப்போதும் பணம் செலுத்திய நிதியாண்டையே கோப்பின் பெயராக வைப்பது நல்லது. சட்டத்தின் பெயர் மாறினாலும் அந்த அடுக்கு குலையாது.

கோயம்புத்தூரில் வாடகை வீட்டில் இருந்து வேலைக்குச் செல்லும் ஒருவரின் 2024-25 நிதியாண்டை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும் சேர்ந்து மாதம் 50,000 ரூபாய், வீட்டு வாடகைப் படி 20,000 ரூபாய். ஆண்டுக்கு மொத்தம் 8,40,000 ரூபாய். அவர் மாத வாடகையாக 15,000 ரூபாய் கொடுக்கிறார். வாடகைப் படியில் விலக்கு என்பது மூன்று தொகைகளில் மிகக் குறைந்தது: பெற்ற படி 2,40,000, கொடுத்த வாடகை 1,80,000 ரூபாயில் இருந்து சம்பளத்தின் 10 சதவீதமான 60,000 போக 1,20,000, சம்பளத்தின் 40 சதவீதம் 2,40,000. கடைசி விகிதம் சென்னையில் குடியிருப்பவருக்கு 50 சதவீதம். எனவே இவருக்கு விலக்கு 1,20,000 ரூபாய்.

இதற்கு வாடகை ரசீதுகள் மட்டும் போதும் என்று நினைப்பது தவறு. ரசீதை யார் வேண்டுமானாலும் எழுதிவிடலாம். பணம் கைமாறியதைக் காட்டுவது வங்கிக் கணக்கு அறிக்கை. ஆகவே வாடகை ஒப்பந்தம், ரசீதுகள், மாதந்தோறும் வாடகை சென்ற வங்கி வரிகள் ஆகிய மூன்றும் ஒரே கோப்பில் இருக்க வேண்டும். ஆண்டு வாடகை 1 லட்சம் ரூபாயைத் தாண்டுவதால் வீட்டு உரிமையாளரின் பான் எண்ணையும் 12பிபி படிவத்தில் நிறுவனத்துக்குத் தர வேண்டும். பெற்றோருக்கு வாடகை கொடுப்பவருக்கும் இதே விதிதான். பணம் அவர்கள் கணக்குக்கு உண்மையாகவே சென்றிருக்க வேண்டும், அவர்களும் அதைத் தம் வருமானமாகக் காட்ட வேண்டும்.

இவர் தம் குடும்பத்துக்கான மருத்துவக் காப்பீட்டை இரண்டு ஆண்டுகளுக்கு மொத்தமாக எடுத்து, 2025 மார்ச் 20 அன்று 36,000 ரூபாய் கட்டினார். குடும்பக் காப்பீட்டுக்கான உச்சவரம்பு 25,000 ரூபாய் என்பதால் அதை முழுதாக இந்த ஆண்டே கோரலாம் என்று தோன்றும். அப்படிக் கோரக் கூடாது. பல ஆண்டுப் பிரீமியத்தைப் பணம் கட்டிய நிதியாண்டு தொடங்கி, காப்பு நடப்பில் இருக்கும் நிதியாண்டுகள் எல்லாவற்றுக்கும் சமமாகப் பிரிக்க வேண்டும் என்கிறது சட்டம். இவருடைய காப்பு 2027 மார்ச் 19 வரை நீடிப்பதால் 2024-25, 2025-26, 2026-27 என மூன்று நிதியாண்டுகளைத் தொடுகிறது. ஆண்டுக்கு 12,000 ரூபாய்தான் கழிவு. எனவே இந்த ஒரு ரசீதின் பிரதி மூன்று கோப்புகளிலும் இருக்க வேண்டும். முதல் கோப்பில் மட்டும் வைத்தவர் அடுத்த இரு ஆண்டுகளில் இதை மறந்துவிடுவார்.

68 வயதான தந்தைக்குக் காப்பீடு இல்லை. மூத்த குடிமக்களுக்குக் காப்பீடு இல்லாதபோது அவர்களுக்குச் செய்யும் மருத்துவச் செலவை 50,000 ரூபாய் வரை கோரலாம். இந்த இடத்தில்தான் மருந்துக்கடை பில் உண்மையில் மதிப்புப் பெறுகிறது. ஆனால் ரொக்கமாகக் கொடுத்த தொகை சேராது. ஆண்டு முழுவதும் 31,000 ரூபாய் செலவாகி, அதில் 9,000 ரூபாயை ரொக்கமாகக் கொடுத்திருந்ததால் இவர் கோரக்கூடியது 22,000 ரூபாய். பில்லுடன் மருத்துவரின் சீட்டையும் பணம் சென்றதற்கான பதிவையும் சேர்த்துவைக்க வேண்டும். மருந்துக்கடைகள் தரும் வெப்பத்தாள் பில்கள் நாளடைவில் வெளுத்து எழுத்தே தெரியாமல் போய்விடும் என்பதால், வாங்கிய அன்றே படம் எடுத்துவிடுவது அவசியம்.

பிள்ளையின் பள்ளிக்கு 62,000 ரூபாய் கட்டினார். அந்த ரசீதில் கற்பிப்புக் கட்டணம் 40,000 மட்டுமே. மீதி பேருந்துக்கும் வளர்ச்சி நிதிக்கும் போனது. 80சி பிரிவில் கற்பிப்புக் கட்டணம் மட்டுமே சேரும், அதுவும் இரண்டு பிள்ளைகள் வரைதான். மொத்தத் தொகை மட்டும் அச்சிட்ட ரசீதைக் கொடுத்தால், பிரித்துக் காட்டும் சான்றைப் பள்ளியிடம் அந்த ஆண்டே கேட்டு வாங்கிவிட வேண்டும். வருங்கால வைப்பு நிதிக்குப் பிடித்த 72,000 ரூபாயுடன் சேர்த்து, 1,50,000 ரூபாய் வரம்புள்ள 80சி பிரிவில் இவருக்கு 1,12,000 ரூபாய் ஆகிறது.

ஒரு தாள் இன்னும் மீதி இருக்கிறது. 2025 மார்ச் 28 அன்று கட்ட வேண்டிய 24,000 ரூபாய் ஆயுள் காப்பீட்டுப் பிரீமியத்தைச் சலுகைக் காலம் இருக்கிறதே என்று ஏப்ரல் 8 அன்று கட்டினார். பாலிசிக்கு எந்தப் பாதிப்பும் இல்லை. வரிக் கணக்கில் அந்த ரசீது 2025-26 கோப்புக்குப் போய்விட்டது. விளைவைப் பாருங்கள்: 8,40,000 ரூபாயில் இருந்து வாடகை விலக்கு 1,20,000, பழைய முறையின் நிலைக்கழிவு 50,000, 80சி 1,12,000, 80டி 34,000 ஆகியவற்றைக் கழித்தால் வரிக்குரிய வருமானம் 5,24,000 ரூபாய். செஸ் உட்பட வரி ஏறத்தாழ 17,990 ரூபாய். பிரீமியத்தை மார்ச் மாதத்திலேயே கட்டியிருந்தால் வருமானம் சரியாக 5,00,000 ரூபாய் ஆகி, பழைய முறையின் தள்ளுபடியால் வரி முழுவதும் நீங்கியிருக்கும். புதிய முறையில் அந்த ஆண்டு வரி 27,560 ரூபாய் என்பதால், இந்த இழப்புக்குப் பின்னும் பழைய முறையே அவருக்கு லாபம்.

தள்ளிப்போன ரசீது அடுத்த ஆண்டிலாவது உதவுமா என்றால், அதுவும் இல்லை. 2025-26 நிதியாண்டில் புதிய முறையின்படி 12,75,000 ரூபாய் வரையிலான சம்பளத்துக்கு வரி இல்லை. 8,40,000 ரூபாய் சம்பளக்காரர் பழைய முறையை நாட வேண்டிய தேவையே இருக்காது.

வங்கியின் வீட்டுக்கடன் சான்றிதழ், கல்விக்கடன் வட்டிச் சான்றிதழ் ஆகியவை நிதியாண்டு வாரியாகவே தரப்படுவதால் அவற்றில் குழப்பம் குறைவு. நன்கொடைக்கு அறநிலையம் தரும் ரசீதுடன் 10பிஇ சான்றிதழையும் கேட்டு வாங்க வேண்டும். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்த நன்கொடைக்குக் கழிவு இல்லை.

கணினியில் அடுக்கும்போது ஆண்டு, பிரிவு, செலுத்திய நாள், தொகை என்ற வரிசையில் கோப்புக்குப் பெயரிட்டால் அவை தாமாகவே ஒழுங்காக நிற்கும்:

```
2024-25_80D_2025-03-20_36000.pdf
2025-26_80C_2025-04-08_24000.pdf
```

மதிப்பீட்டு ஆண்டு 2025-26 முதல், பழைய முறையில் கழிவு கோருவோரிடம் பாலிசி எண், காப்பீட்டு நிறுவனத்தின் பெயர், கடன் கணக்கு எண் போன்றவற்றைக் கணக்குப் படிவமே கேட்கிறது. இந்த அடுக்கு இருந்தால் அவற்றைத் தேடி அலைய வேண்டியதில்லை. அதே கோப்பில் படிவம் 16, 26ஏஎஸ், தாக்கல் செய்த கணக்கின் ஒப்புகை ஆகியவையும் இருக்கட்டும்.

எத்தனை ஆண்டுகள் வைத்திருப்பது? மறுமதிப்பீட்டு அறிவிப்பைப் பொதுவாக மதிப்பீட்டு ஆண்டு முடிந்து 3 ஆண்டு 3 மாதங்கள் வரை அனுப்பலாம். விடுபட்ட வருமானம் 50 லட்சம் ரூபாய் அல்லது அதற்கு மேல் என்றால் 5 ஆண்டு 3 மாதங்கள் வரை. அதன்படி 2024-25 கோப்பை 2029 ஜூன் 30 வரையும், எச்சரிக்கையாக இருக்க விரும்புபவர் 2031 ஜூன் 30 வரையும் வைத்திருக்க வேண்டும். ஒரு வகைத் தாளுக்கு மட்டும் இந்தக் கெடு பொருந்தாது. வீடு வாங்கிய ஆண்டில் கட்டிய முத்திரைத்தாள் கட்டணம், பதிவுக் கட்டணம் ஆகியவற்றை 80சி பிரிவில் கோரியிருந்தாலும், வீட்டில் பின்னர் செய்த விரிவாக்கத்தின் பில்களையும் சேர்த்து, அவற்றைத் தனிக் கோப்பில் வீட்டுப் பத்திரத்துடன் வைக்க வேண்டும். அந்த வீட்டை என்றாவது விற்கும்போது மூலதன ஆதாயத்தைக் கணக்கிட அவை தேவைப்படும். ஆகவே விற்ற ஆண்டின் கோப்பு காலாவதியாகும் வரை அவற்றைத் தூக்கி எறியக் கூடாது.