சம பங்கு என்று நினைத்தது சமமாக இல்லை

2025-இல் விவாகரத்தாகிப் பிரிந்தபோது எங்களிடம் இரண்டு ஈக்விட்டி ஃபண்டுகள் இருந்தன, அன்றைய மதிப்பில் தலா 6 லட்சம். ஒன்றில் நான் முதல் பெயர், இன்னொன்றில் அவர். ஆளுக்கு ஒன்று என்றார், சரி என்றேன்.

அப்புறம்தான் பழைய ஸ்டேட்மென்ட்டைப் பார்த்தேன். அவருடையதில் போட்டிருந்த பணம் ஐந்தரை லட்சம், என்னுடையதில் 2 லட்சம். விற்றால் என் லாபம் 4 லட்சம். வரியில்லாத 1.25 லட்சம் போக, மீதிக்கு 12.5 சதவீதமும் செஸ்ஸும் சேர்த்து 35,750 ரூபாய் வரி. அவருக்கு ஒன்றுமில்லை.

கணக்கை ஒரு தாளில் எழுதிக் காட்டினேன். பாதியான 17,875 ரூபாயை அவர் தருவதாக ஒப்பந்தத்தில் சேர்த்தோம். விற்று வந்த பணத்தை என் பெயரில் மட்டும் புதிதாகப் போட்டேன்.

விவாகரத்து ஆனாலும் ஆயுள் காப்பீட்டுப் பாலிசியில் நாமினி தானாக மாறாது. படிவம் கொடுத்து மகள் பெயருக்கு மாற்றினேன். அவள் மைனர் என்பதால், அவள் சார்பில் பணத்தைப் பெறும் அப்பாயின்டியாக என் அண்ணன்.